வைஃபை அழைப்பு போகும் வழி: ஐபிசெக்கின் இரண்டு மோடுகள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளறையில், சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டாத இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறோம். ஆனாலும் குரல் தெளிவாகக் கேட்கிறது. போன் திரையின் மேல் ஓரத்தில் VoWiFi அல்லது Wi-Fi Calling என்று ஒரு குறி தெரியும். அந்த நேரத்தில் நம் பேச்சு செல்போன் கோபுரத்துக்குப் போவதில்லை. வீட்டு வைஃபையில் ஏறி, பிராட்பேண்ட் இணைப்பு வழியாக இணையத்தைக் கடந்து, நம் சிம் கம்பெனியின் வாசலில் போய் இறங்குகிறது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைத் தொடங்கின.

பிராட்பேண்ட் ஒரு கம்பெனியுடையதாக இருக்கலாம், சிம் வேறொரு கம்பெனியுடையதாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் யார் யாருடைய ரவுட்டர்களையோ தாண்டித்தான் குரல் போக வேண்டும். அவர்களில் ஒருவரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பார்த்துக்கொள்வது ஐபிசெக். அலுவலகக் கிளையையும் தலைமை அலுவலகத்தையும் இணைக்கும் விபிஎன்களில் பெரும்பகுதி ஓடுவதும் இதில்தான். விபிஎன் என்றால் ஏதோ செயலியை இறக்கிப் போட்டுக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வைஃபை அழைப்பை இயக்கி வைத்திருந்தால் நம் போன் யாரையும் கேட்காமல் தானாகவே ஒரு விபிஎன் போட்டுக்கொள்கிறது.

ஐபிசெக்குக்கு இரண்டு மோடுகள் உண்டு: டிரான்ஸ்போர்ட் மோடு, டனல் மோடு. நெட்வொர்க் படிக்கிற பிள்ளைகள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, அடுத்த மாதமே எது எது என்று குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வைஃபை அழைப்பை எடுத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது. ஒரே அழைப்புக்குள் இரண்டு மோடுகளும் வருகின்றன, இரண்டும் தமக்கு உரிய இடத்தில் வருகின்றன.

முதலில் பாக்கெட்டைப் பார்ப்போம். இணையத்தில் போகும் எதுவும் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஐபி ஹெட்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. பழைய, இன்னும் பரவலாக இருக்கும் நான்காம் பதிப்பு ஐபியில் அதன் அளவு 20 பைட். அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி, உள்ளே இருப்பது எந்த வகைச் சரக்கு என்று சொல்லும் ஓர் எண் ஆகியவை அதில் இருக்கும். எண் 6 என்றால் டிசிபி, 17 என்றால் யுடிபி. வழியில் இருக்கும் ரவுட்டர் இந்த ஹெட்டரைப் படித்துத்தான் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறது. ஹெட்டரையே பூட்டிவிட்டால் பாக்கெட் எங்கும் போகாது.

ஐபிசெக்கின் வேலைக்காரப் பகுதிக்கு ஈஎஸ்பி என்று பெயர். அது பாக்கெட்டின் உள்ளடக்கத்தை என்கிரிப்ட் செய்து, முன்னால் 8 பைட் ஹெட்டர் ஒன்றை வைத்து, கடைசியில் ஒரு முத்திரையையும் சேர்க்கிறது. வழியில் யாராவது ஒரு பிட்டை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது, பாக்கெட் குப்பைக்குப் போகும். முன்னால் வைக்கும் 8 பைட்டில் 4 பைட் இது எந்த ஒப்பந்தத்தின்கீழ் பூட்டப்பட்டது என்று சொல்லும் எண். மற்ற 4 பைட் வரிசை எண். பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றப் பார்த்தால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு மோடுகளுக்கும் இந்த வேலைகள் எல்லாம் பொது. வேறுபாடு ஒரே கேள்வியில் இருக்கிறது: ஈஎஸ்பி எந்த இடத்தில் நுழைகிறது?

டிரான்ஸ்போர்ட் மோடில் பழைய ஐபி ஹெட்டர் அதே இடத்தில் அப்படியே இருக்கும். ஈஎஸ்பி அதற்கும் சரக்குக்கும் இடையில் நுழையும். ஹெட்டரில் சரக்கின் வகை 6 அல்லது 17 என்று இருந்தது 50 என்று மாறும். 50 என்பது ஈஎஸ்பிக்கு உரிய எண். முகவரிகள் இரண்டும் மாறுவதில்லை, மறைவதும் இல்லை. டனல் மோடில் பழைய ஹெட்டரோடு சேர்த்து முழுப் பாக்கெட்டும் உள்ளே போய் பூட்டப்படும். அதற்கு முன்னால் புதிதாக ஒரு ஐபி ஹெட்டர் எழுதப்படும். ரவுட்டர்கள் புதிய ஹெட்டரைத்தான் பார்க்கும். பழையது உள்ளே பத்திரமாக இருக்கும்.

ரயில்வே தபால் பிரிப்பகத்தின் பையை இதற்கு உவமையாகச் சொல்லலாம். ஓர் ஊர்ப் பிரிப்பகத்தில் நூற்றுக்கணக்கான கடிதங்களைப் பையில் போட்டுக் கட்டி, முத்திரை வைத்து, இந்தப் பிரிப்பகத்திலிருந்து அந்தப் பிரிப்பகத்துக்கு என்று சீட்டுக் கட்டுகிறார்கள். ரயிலில் பையைத் தூக்கி வைக்கிறவருக்குச் சீட்டு மட்டும்தான் தெரியும். உள்ளே யார் யாருக்கு எழுதினார்கள் என்பது தெரியாது. டனல் மோடு அந்தப் பை. டிரான்ஸ்போர்ட் மோடு தனியாகப் போகும் ஒட்டிய கடிதம். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, முகவரியை யாரும் படிக்கலாம்.

இனி அழைப்புக்கு வருவோம். போன் வைஃபையில் சேர்ந்ததும் தன் சிம் கம்பெனியின் வாசல் எங்கே என்று தேடுகிறது. ஈபிடிஜி என்று துறையில் சொல்லப்படும் இந்த வாசலின் பெயர் உலகம் முழுக்க ஒரே அச்சில் இருக்கும். நாட்டு எண்ணும் கம்பெனி எண்ணும் மட்டும் மாறும்:

```
epdg.epc.mncXXX.mccYYY.pub.3gppnetwork.org
```

இந்தியாவுக்கு YYY என்ற இடத்தில் 404 அல்லது 405 வரும். அந்தப் பெயருக்கு உரிய முகவரி கிடைத்ததும், போன் யுடிபி போர்ட் 500 வழியாக அங்கே கதவைத் தட்டுகிறது. இதுதான் ஐகேஈ, பூட்டுவதற்கான சாவியை இருவரும் சேர்ந்து உருவாக்கும் பேச்சுவார்த்தை. முதல் சுற்றில் இரண்டு பக்கமும் தத்தம் ரகசிய எண்ணிலிருந்து கணக்கிட்ட ஒரு பொது எண்ணை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பொது எண்களை நடுவில் யார் பார்த்தாலும் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பிறகு எல்லாம் பூட்டிய பேச்சுத்தான். நான் யார் என்று போன் நிரூபிக்க வேண்டும். கடவுச்சொல் எதுவும் நம்மிடம் கேட்கப்படுவதில்லை. சிம் அட்டைக்குள் ஒரு ரகசிய எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே எண் கம்பெனியிடமும் இருக்கிறது. கம்பெனி ஒரு சவாலை அனுப்ப, சிம் அதற்குச் சரியான விடை கணக்கிட்டுக் கொடுக்கிறது.

ஆள் சரிதான் என்று உறுதியானதும் வாசல் இரண்டு தகவல்களைத் தருகிறது. ஒன்று, எங்கள் நெட்வொர்க்குக்குள் உன் முகவரி இது. இன்னொன்று, அழைப்புகளைக் கவனிக்கும் சர்வரின் முகவரி இது. புரிவதற்காக எண்களை வைத்துப் பார்ப்போம். வீட்டு ரவுட்டர் போனுக்குக் கொடுத்த முகவரி 192.168.1.7. வாசலின் முகவரி 198.51.100.20. கம்பெனி போனுக்கு உள்முகவரியாகக் கொடுத்தது 10.45.8.21. அழைப்பு சர்வரின் முகவரி 10.200.1.5.

போன் சர்வருக்கு ஒரு பாக்கெட் எழுதுகிறது. அதன் ஹெட்டரில் அனுப்புநர் 10.45.8.21, பெறுநர் 10.200.1.5. இதை அப்படியே இணையத்தில் விட்டால் முதல் ரவுட்டரிலேயே செத்துப்போகும். 10 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் தனி நெட்வொர்க்குகளுக்குள் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. டிரான்ஸ்போர்ட் மோடில் பூட்டி அனுப்பினாலும் இதே கதிதான், ஏனென்றால் அதில் பழைய ஹெட்டர் வெளியே இருக்கிறது. டனல் மோடு அந்தப் பாக்கெட்டை முழுசாக உள்ளே வைத்து, வெளியே 192.168.1.7 இலிருந்து 198.51.100.20க்கு என்று புது ஹெட்டர் எழுதுகிறது. வாசலுக்குப் போனதும் வெளி ஹெட்டர் கழற்றப்படுகிறது, பூட்டு திறக்கிறது, உள்ளே இருந்த பாக்கெட் கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் தன் வழியே சர்வருக்குப் போகிறது. போன் வீட்டுச் சோபாவில் கிடந்தாலும் கம்பெனிக்கு அது உள்ளூர் போன்தான்.

பூட்டும் இடமும் பேச்சு முடியும் இடமும் வேறாக இருந்தால் பொதுவாக டனல் மோடு தேவை. இங்கே பேச்சு போனுக்கும் சர்வருக்கும் இடையில் நடக்கிறது. பூட்டு போனுக்கும் வாசலுக்கும் இடையில் இருக்கிறது. கிளை அலுவலகத்தையும் தலைமை அலுவலகத்தையும் இணைக்கும்போதும் இதே நிலைதான். பேசுவது மேசைக் கணினிகள், பூட்டுவது இரண்டு பக்கத்து ரவுட்டர்கள்.

இப்போது டிரான்ஸ்போர்ட் மோடு. டனல் கிடைத்ததும் போன் அழைப்பு சர்வரிடம் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் வந்திருக்கிறேன், எனக்கு அழைப்பு வந்தால் இங்கே அனுப்பு என்பதுதான் அந்தப் பதிவு. போன் முதலில் அனுப்பும் பதிவுக் கோரிக்கையை சர்வர் ஏற்பதில்லை, 401 என்ற மறுப்பெண்ணோடு ஒரு சவாலைத் திருப்பி அனுப்புகிறது. சிம் மறுபடியும் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கிலிருந்தே இரண்டு சாவிகள் பிறக்கின்றன. அவற்றை வைத்து போனும் சர்வரும் தங்களுக்குள் தனியாக ஓர் ஐபிசெக் ஏற்பாடு செய்துகொள்கின்றன. அது டிரான்ஸ்போர்ட் மோடில் இருக்க வேண்டும் என்பதுதான் செல்போன் தரநிலை அமைப்பான 3ஜிபிபி வகுத்த வழக்கமான முறை. இங்கே ஐகேஈ பேச்சுவார்த்தை தனியாக நடப்பதில்லை. பதிவுச் செய்திகளின் உள்ளேயே தேவையான எண்களை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஏன் டிரான்ஸ்போர்ட்? போன் இப்போது 10.45.8.21 என்ற முகவரியோடு கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. சர்வரும் அங்கேயே இருக்கிறது. பேசுகிற இருவரும் பூட்டுகிற இருவரும் ஒன்றே. இன்னொரு ஹெட்டர் போட்டால் அதில் எழுத வேண்டியதும் இதே இரண்டு முகவரிதான். எழுதியதையே மறுபடி எழுத 20 பைட் எதற்கு?

வைஃபை இல்லாமல் 4ஜியில் பேசும்போது ஈபிடிஜி டனல் இருக்காது. ஆனால் இந்தப் பதிவுப் பூட்டு அப்போதும் பயன்படும், அது முதலில் வகுக்கப்பட்டதே செல்போன் நெட்வொர்க்குக்காகத்தான். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த டிரான்ஸ்போர்ட் பூட்டு யாருக்கு அழைப்பு, எடுத்தாரா வைத்தாரா போன்ற செய்திகளுக்கு மட்டும். குரல் அதற்குள் போவதில்லை. வைஃபையில் குரலைக் காப்பது வெளியே இருக்கும் டனல். 4ஜியில் குரலைக் காப்பது கோபுரத்துக்கும் போனுக்கும் இடையிலான ரேடியோ என்கிரிப்ஷன். பதிவுச் செய்திகளுக்கு முத்திரை கட்டாயம், என்கிரிப்ஷன் கம்பெனியின் விருப்பம் என்றுதான் தரநிலை விட்டிருக்கிறது.

வீட்டு ரவுட்டர் இதில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அது உள்ளே இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. போனின் 192.168.1.7 என்ற முகவரியை அழித்து, 203.0.113.9 போன்ற தன் முகவரியை எழுதித்தான் வெளியே விடுகிறது. இதற்கு நாட் என்று பெயர். பதில் வரும்போது எந்தக் கருவிக்கு என்று அடையாளம் காண ரவுட்டருக்குப் போர்ட் எண் வேண்டும். டிசிபி, யுடிபி இரண்டிலும் போர்ட் உண்டு, ஈஎஸ்பியில் கிடையாது.

டிரான்ஸ்போர்ட் மோடுக்கு நாட் இன்னும் ஒரு சங்கடம் செய்கிறது. டிசிபியிலும் யுடிபியிலும் பிழை கண்டுபிடிக்க ஒரு கூட்டுத்தொகை எழுதியிருப்பார்கள். அதில் ஐபி முகவரிகளும் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருக்கும். சாதாரணமாக நாட் முகவரியை மாற்றும்போது இந்தத் தொகையையும் திருத்திவிடும். ஐபிசெக்கில் அந்தத் தொகை பூட்டுக்குள் இருக்கிறது, ரவுட்டரால் தொட முடியாது. டிரான்ஸ்போர்ட் மோடில் வெளி ஹெட்டர்தான் ஒரே ஹெட்டர் என்பதால், முகவரி மாறியதும் மறுமுனையில் தொகை பொருந்தாது. பழைய முகவரி எது என்று மறுமுனைக்குத் தனியாகச் சொல்லி, அதை வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. டனல் மோடில் இந்தத் தொல்லை இல்லை. நாட் தொட்டது வெளி ஹெட்டரை, கூட்டுத்தொகை சேர்ந்திருப்பது உள் ஹெட்டரோடு.

போர்ட் இல்லாத குறைக்கு 2005ல் ஒரு பொது விதி வந்தது. முதல் பேச்சுவார்த்தையிலேயே இரு பக்கமும் தத்தம் முகவரி, போர்ட் ஆகியவற்றின் கணக்கிட்ட சுருக்கத்தை அனுப்பும். பெறுகிறவர் தனக்கு வந்த பாக்கெட்டின் முகவரியை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். விடை ஒத்துவரவில்லை என்றால் நடுவில் நாட் இருக்கிறது என்று பொருள். உடனே இருவரும் போர்ட் 4500க்கு மாறி, ஈஎஸ்பிக்கு முன்னால் 8 பைட் யுடிபி ஹெட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். ரவுட்டருக்கு வேண்டிய போர்ட் கிடைத்துவிட்டது. யாரும் பேசாமல் இருந்தால் ரவுட்டர் இந்தத் தொடர்பை மறந்துவிடும் என்பதால், ஒரே ஒரு பைட் உள்ள பாக்கெட்டை அவ்வப்போது அனுப்பி நினைவூட்ட வேண்டும். விதியில் சொல்லியிருக்கும் இயல்பான இடைவெளி 20 வினாடி. இந்த நினைவூட்டல் சரியாக நடக்காவிட்டால், போனில் குறி இருக்கும், நாம் அழைத்தால் போகும், நமக்கு வருகிற அழைப்பு மட்டும் சில சமயம் வராது.

இனி அளவைப் பார்ப்போம். அழைப்பில் குரல் 20 மில்லி வினாடிக்கு ஒரு துண்டாக, வினாடிக்கு 50 பாக்கெட் போகிறது. ஏஎம்ஆர் வைட்பேண்ட் என்ற குரல் முறையில் 12.65 கிலோபிட் வேகத்தில் ஒரு துண்டு 33 பைட். அதற்கு ஆர்டிபி ஹெட்டர் 12, யுடிபி 8, ஐபி 20 சேர்ந்து 73 பைட். இதை டனலுக்குள் வைக்கிறோம். ஏஇஎஸ் சிபிசி முறையில் பூட்டினால் 16இன் மடங்காக நிரப்ப வேண்டும். 73உடன் குறிப்புக்கான 2 பைட் சேர்ந்து 75, நிரப்பினால் 80. தொடக்க எண் 16, ஈஎஸ்பி ஹெட்டர் 8, முத்திரை 12 சேர்ந்து 116. நாட்டுக்கான யுடிபி 8, வெளி ஐபி ஹெட்டர் 20 சேர்ந்து 144. 33 பைட் குரலுக்கு 144 பைட் பாக்கெட்! இதே குரலை டிரான்ஸ்போர்ட் மோடில் பூட்ட முடிந்திருந்தால் 128 பைட் வந்திருக்கும். நிரப்புதல் காரணமாக மிச்சம் 20க்குப் பதில் 16தான்.

வழியில் நின்று பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும் என்பதையும் காட்டுகிறேன். லினக்ஸில் `tcpdump` கட்டளை தருவது இப்படி இருக்கும்:

```
IP 192.168.1.7.4500 > 198.51.100.20.4500: UDP-encap: ESP(spi=0x0a1b2c3d,seq=0x12), length 116
```

யார் யாரை அழைக்கிறார் என்பது இதில் இல்லை. 10.45.8.21ம் இல்லை, சர்வரும் இல்லை. நம் கணக்கில் வந்த 116 மட்டும் கடைசியில் நிற்கிறது. ஆனால் ஒரே அளவுள்ள பாக்கெட் வினாடிக்கு 50 வந்துகொண்டிருந்தால் ஒரு அழைப்பு நடக்கிறது என்று யாரும் ஊகிக்கலாம். அதற்கும் மேலே, பேசுகிறவர் வாயை மூடினால் குரல் முறை சிக்கனம் பார்த்து 160 மில்லி வினாடிக்கு ஒரு சிறு பாக்கெட் மட்டும் அனுப்பும். அதனால் எந்தப் பக்கம் எப்போது பேசியது என்பதுகூட வெளியே தெரியும். பாக்கெட்டுகளை வேண்டுமென்றே ஒரே அளவுக்கு ஊதிக் காட்டும் ஏற்பாடு ஈஎஸ்பியில் உண்டு. அலைவரிசை வீணாகும் என்று பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

சிறிய குரல் பாக்கெட்டுக்கு இந்தக் கூடுதல் எடை தொல்லை செய்யாது. தொல்லை பெரிய பாக்கெட்டில்தான், அதுவும் அலுவலக விபிஎன்களில். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். ஏஇஎஸ் ஜிசிஎம் முறையில், நாட்டுக்கான யுடிபியும் சேர்த்து டனல் போட்டால் 1500 பைட் பாக்கெட் 1564 ஆகிவிடும். பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்று வழியிலிருக்கும் கருவி ஐசிஎம்பி செய்தி ஒன்றை அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து ஃபயர்வாலில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருந்தால் அந்தச் செய்தி அனுப்பியவரிடம் போய்ச் சேராது. அவர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

கிளை அலுவலகத்திலிருந்து இதற்கு வரும் புகார் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். "சார், பிங் அடிச்சா வருது, லாகின் பேஜும் வருது. ரிப்போர்ட் தொறந்தா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு" என்பார்கள். "சின்ன ஃபைல் வருதா பாருங்கம்மா" என்று கேட்டால், "அது உடனே வந்துருது சார்" என்று பதில் வரும். இந்த இரண்டு பதிலிலேயே நோய் தெரிந்துவிடும். லைன் கெட்டிருந்தால் பிங்கும் வராது, சாவி தப்பாக இருந்தால் எதுவும் வராது. உறுதிப்படுத்த, துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு அளவு சொல்லி பிங் அடித்துப் பார்க்கலாம். லினக்ஸில் ஒரு விதம், விண்டோஸில் ஒரு விதம்:

```
ping -M do -s 1410 10.20.0.5
ping -f -l 1410 10.20.0.5
```

1410உடன் ஹெட்டர்களுக்கு 28 சேர்ந்து 1438. மேலே சொன்ன அமைப்பில் 1500 பைட் லைனில் டனலுக்குள் அடங்கக்கூடிய அதிக அளவு இதுதான். 1411 என்று மாற்றினால் போகாது. தீர்வு, டிசிபி இணைப்பு தொடங்கும்போதே சரக்கின் அளவைக் குறைத்துப் பேசும்படி ரவுட்டரில் அமைப்பது. கணக்குப்படி 1398 வரை போகலாம். லைன் வேறு வகையாக இருந்தாலும் இடிக்காமல் இருக்கட்டும் என்று 1360 வைப்பது பரவலான வழக்கம்.

1999ல் நீல்ஸ் ஃபெர்குசனும் புரூஸ் ஷ்னையரும் ஐபிசெக்கைக் குடைந்து ஆராய்ந்தார்கள். டிரான்ஸ்போர்ட் மோடையே எடுத்துவிடுங்கள் என்பது அவர்களின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று. டனல் மோடு செய்கிற எல்லாவற்றையும் டிரான்ஸ்போர்ட் செய்வதில்லை, டிரான்ஸ்போர்ட் செய்வதை டனலால் செய்ய முடியும், அப்படியிருக்க இரண்டு எதற்கு என்பது அவர்கள் வாதம். சிக்கல் கூடினால் பாதுகாப்பு குறையும் என்ற அவர்களின் கவலை நியாயமானது. ஆனாலும் டிரான்ஸ்போர்ட் மோடு வீண் என்று நான் சொல்லமாட்டேன். பல கிளைகள் உள்ள நிறுவனங்களில் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை அனுப்பும். வழக்கமான ஐபிசெக் டனல் அவற்றைச் சுமப்பதில்லை. அதனால் முதலில் ஜிஆர்ஈ என்ற பூட்டில்லாத டனலைப் போட்டு, அதன்மேல் ஐபிசெக் போடுகிறார்கள். ஜிஆர்ஈ ஏற்கெனவே ரவுட்டருக்கு ரவுட்டர் வெளி ஹெட்டர் எழுதிவிட்டது. அங்கே டிரான்ஸ்போர்ட் மோடுதான் சரி. டனல் மோடு போட்டால் வேலை நடக்கும், ஒவ்வொரு பாக்கெட்டிலும் 20 பைட் சும்மா போகும். செல்போன் பதிவில் பார்த்ததும் இதே நிலைதான்.

அமைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஐகேஈயின் இரண்டாம் பதிப்பில் எதுவும் சொல்லாவிட்டால் டனல் மோடுதான். டிரான்ஸ்போர்ட் வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்டு, மறுபக்கம் சரி என்று சொல்லாவிட்டாலும் டனலாகவே அமையும். அதனால் `mode = transport` என்று எழுதிவிட்டோம் என்பதோடு நிற்காமல், லினக்ஸில் `ip xfrm state` அடித்து, mode என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

எந்த மோடாக இருந்தாலும் பூட்டின் பலம் சாவியின் பலம்தான். 2024ல் வியன்னா பல்கலைக்கழகம், எஸ்பிஏ ரிசர்ச், ஜெர்மனியின் சிஸ்பா மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் உலகின் பல செல்போன் கம்பெனிகளின் வைஃபை அழைப்பு வாசல்களைச் சோதித்தார்கள். 13 கம்பெனிகள் தங்கள் வாசலில் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்க வேண்டிய ரகசிய எண்ணுக்குப் பதில், எல்லோருக்கும் பொதுவான 10 மாறாத எண்களையே பயன்படுத்திக்கொண்டிருந்தன. அந்தப் பத்தும் தெரிந்தவருக்கு டனல் திறந்த கதவு. அதற்கு மேல், டனல் ஈபிடிஜி வாசலோடு முடிந்துவிடும். அதற்கப்பால் நம் பேச்சைக் கம்பெனியால் கேட்க முடியும், சட்டப்படி ஆணை வந்தால் கேட்கவும் வைக்கும். காசு கொடுத்து வாங்கும் விபிஎன் செயலிகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் சர்வர் வரைதான் அவர்கள் பூட்டு.

உங்கள் அலுவலகத்திலோ விடுதியிலோ வைஃபையில் இணையம் நன்றாக வந்தும் VoWiFi குறி மட்டும் வரவில்லை, வீட்டுக்குப் போனால் வந்துவிடுகிறது என்றால், போனையும் சிம்மையும் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அங்கே யாரோ யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளை வெளியே போகவிடாமல் அடைத்திருப்பார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அந்த இரண்டு எண்களைச் சொல்லி, வெளியே போக மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். உள்ளே வருவதற்கு எதையும் திறக்க வேண்டியதில்லை.